டிக் எங்கே விழுகிறது: கையெழுத்தும் நான் போடும் மதிப்பெண்ணும்

தான் போடும் மதிப்பெண்ணில் கையெழுத்துக்கு எவ்வளவு பங்கு இருக்கிறது என்று ஓர் ஆசிரியர் தெரிந்துகொள்ள வேண்டுமானால், மதிப்பெண்ணை விட்டுவிட்டு டிக் எங்கே விழுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். எனக்கு அப்படித்தான் தெரியவந்தது. நடுநிலை வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். ஒரு தேர்வுக்குப் பிறகு, தாள்களைப் பிள்ளைகளிடம் கொடுப்பதற்கு முன் கூட்டலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அழகாக எழுதியவர்களின் தாளில் என் டிக் பத்தியின் கடைசியில், ஓரத்தில், பெரிதாக விழுந்திருந்தது. கிறுக்கலாக எழுதியவர்களின் தாளில் வரிக்கு நடுவே, ஏதாவது ஒரு சொல்லின் மேல், சின்னதாக இருந்தது. அதாவது முதல் வகைத் தாளில் பத்தி முழுவதையும் ஏற்றுக்கொண்டு மேலே போயிருக்கிறேன். இரண்டாம் வகையில், சரியான சொல் கண்ணில் பட்டால்தான் மதிப்பெண் என்று தேடியிருக்கிறேன். ஒரே கேள்விக்கு இரண்டு விதமான திருத்தம்.

சிவப்பு மையில் எழுதிய குறிப்புகளும் அதையே சொல்லின. கிறுக்கல் தாள்களில் 'கையெழுத்தைத் திருத்திக்கொள்', 'தெளிவாக எழுது' என்பதைத் தவிர வேறு எதுவும் இல்லை. பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அழகான தாள்களில் 'நன்று'. அதிலும் பாடம் இல்லை.

இது உண்மையிலேயே கையெழுத்தின் வேலைதானா, அல்லது அழகாக எழுதும் பிள்ளைகள் பாடத்தையும் நன்றாகப் படித்திருந்தார்களா என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டும் சேர்ந்தே வருவது உண்டு. அதனால் பக்கத்து வகுப்பு எடுக்கும் டீச்சரிடம் உதவி கேட்டேன். ஒரே கேள்விக்கான சில விடைகளை, பெயர் இல்லாமல், பிழைகளையும் அப்படியே வைத்து, அவர் கையெழுத்திலேயே எழுதித் தரச் சொன்னேன். "பிழையையும் சேர்த்தா எழுதணும்?" என்று கேட்டார். ஆமாம், அதுதான் முக்கியம் என்றேன். முன்பு போட்ட மதிப்பெண் எனக்கு மறந்துபோன பிறகு அவற்றை மறுபடி திருத்தினேன். எல்லா விடையிலும் மாற்றம் வரவில்லை. மிக நல்ல விடையும் மிக மோசமான விடையும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் நின்றன. நடுவில் இருந்தவைதான் இடம் மாறின. யோசித்தால் அதில் வியப்பில்லை. விடை எப்படி என்று உடனே முடிவு சொல்ல முடியாத இடத்தில்தான் தோற்றம் உள்ளே நுழைகிறது.

அதில் இரண்டு விடைகளை விரிவாகச் சொல்கிறேன். கேள்வி, ஆவியாதலைப் பாதிக்கும் காரணிகளை விளக்குக. ஐந்து மதிப்பெண்.

முதல் விடை ஒரு பெண்ணுடையது. தலைப்பு எழுதி ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டிருந்தாள். ஒரு பாத்திரம், அதிலிருந்து மேலே போகும் அம்புக்குறிகள் என்று அளவான படம். காரணிகளுக்கு எண் போட்டிருந்தாள். வெப்பநிலை, மேற்பரப்பு, காற்று, ஈரப்பதம். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி: வெப்பநிலை ஆவியாதலைப் பாதிக்கிறது, மேற்பரப்பு ஆவியாதலைப் பாதிக்கிறது, இப்படியே நான்கும். வெப்பம் கூடினால் ஆவியாதல் கூடுமா குறையுமா என்று எங்கேயும் இல்லை. ஏன் என்பதும் இல்லை. ஆரம்ப வரியிலேயே, திரவம் கொதிநிலையில் ஆவியாக மாறுவதே ஆவியாதல் என்று எழுதியிருந்தாள். அது தவறு. ஆவியாதல் கொதிநிலைக்குக் கீழே எந்த வெப்பநிலையிலும் திரவத்தின் மேற்பரப்பில் நடப்பது. நான் போட்டிருந்த மதிப்பெண் 4.

இரண்டாவது விடை ஒரு பையனுடையது. தலைப்பு இல்லை, படம் இல்லை, எல்லாம் ஒரே பத்தி, நடுவில் இரண்டு வரி அடித்திருந்தான். எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்திருந்தன. ஆனால் உள்ளே இருந்தது இது. சூடு கூடினால் மூலக்கூறுகள் வேகமாக அசையும், நிறைய தப்பித்துப் போகும். ஈரத்துணியை விரித்துப் போட்டால் வெளியே தெரியும் பரப்பு கூடும், சீக்கிரம் காயும். காற்று அடித்தால் மேலே நிற்கும் நீராவியைத் தள்ளிக்கொண்டு போகும், அதனால் இன்னும் நீராவி வர இடம் கிடைக்கும். காற்றில் ஏற்கெனவே ஈரம் இருந்தால் மெதுவாகத்தான் நடக்கும். ஆவியாதல் என்றால் என்ன என்று மட்டும் அவன் எழுதவில்லை. நான் போட்டிருந்தது 2½.

காரணியின் பெயருக்கு அரை, அதன் விளைவுக்கும் காரணத்துக்கும் சேர்த்து அரை, வரையறைக்கு ஒன்று என்று பிரித்துப் பார்த்தால், அவளுக்கு 2, அவனுக்கு 4. அவனுடைய ஈரப்பதக் காரணத்தைக் கறாராகப் பார்த்தால் 3½ என்றுகூடச் சொல்லலாம். எப்படிப் பார்த்தாலும் வரிசை தலைகீழாகிறது. அந்த டீச்சரிடம் இரண்டு பிரதிகளையும் கொடுத்தேன். அவரும் கிட்டத்தட்ட இதே மதிப்பெண்களைத்தான் போட்டார்.

ஏன் இப்படி நடக்கிறது என்பதில் எனக்கு இரண்டு காரணங்கள் தெரிகின்றன. ஒன்று பெரும்பாலோருக்குத் தெரிந்தது. ஒரு நல்ல குணத்தைப் பார்த்துவிட்டால் மற்றவையும் நன்றாக இருக்கும் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. எட்வர்ட் தார்ன்டைக் என்ற உளவியலாளர் 1920இல் இதை எழுதினார். ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருப்பவர்களின் உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு, குணம் எல்லாவற்றுக்கும் தனித்தனியாக மதிப்பிட்டபோது, அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஏறி இறங்கியதை அவர் கண்டார். அடிக்கோடு போட்ட தலைப்பைப் பார்த்ததும் எனக்கு நடந்ததும் அதுதான்.

இரண்டாவது காரணம்தான் எனக்கு அதிகம் உதவியது. கிறுக்கலான எழுத்தை நாம் வாக்கியமாகப் படிப்பதில்லை, எழுத்தெழுத்தாக அவிழ்க்கிறோம். 'காற்று அடித்தால்' என்பதை அவிழ்த்து, 'மேலே நிற்கும்' என்பதை அவிழ்த்து, 'நீராவியை' என்று வருவதற்குள் வாக்கியத்தின் தொடக்கம் நினைவிலிருந்து நழுவிவிடுகிறது. அந்தப் பையனின் விடையில் காரணமும் விளைவும் தொடர்பாக இருந்தன. எனக்குக் கிடைத்ததோ சிதறிய சொற்கள். தொடர்பு இல்லாத விடை என்று நான் நினைத்தது, என் வாசிப்பில் இருந்த தொடர்பின்மை. அழகான கையெழுத்தில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. கண் வழுக்கிக்கொண்டு போகிறது. 'கொதிநிலையில்' என்ற சொல்லைத் தாண்டிப் போனதுகூடத் தெரியவில்லை.

தமிழில் எழுதும் விடைகளில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. வேகமாக எழுதும் பிள்ளை புள்ளி வைக்க மாட்டான். ரகரமும் துணைக்காலும் ஒரே மாதிரி விழும். 'பரவும்' என்பது 'பாவும்' போல இருக்கும். என் திருத்தத்தைப் பார்த்தபோது, கிறுக்கல் தாளில் புள்ளி விட்ட இடங்களை எல்லாம் வட்டம் போட்டிருந்தேன். அழகான தாள்களை அதே கண்ணோடு மறுபடி பார்த்தால், அவற்றிலும் புள்ளி விட்ட இடங்கள் இருந்தன. ஒன்றைக்கூட வட்டமிடவில்லை. எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்கும் பாடங்களில் இது நேரடியான அநீதியாகிவிடும்.

சரி, மாற்றியது என்ன?

முதலில் எல்லோரும் சொல்லும் யோசனையைச் செய்து பார்த்தேன். முதல் பக்கத்தை மடித்துப் பெயரை மறைப்பது. இதில் பெரிய பயன் கிடைக்கவில்லை. வருடம் முழுக்க அவர்கள் நோட்டைப் பார்க்கிறேன், இரண்டு வரி படித்தால் யார் எழுதியது என்று தெரிந்துவிடுகிறது. தவிர, நான் பார்த்த பிரச்சினை பெயரில் இல்லை, எழுத்தில்தான் இருந்தது. பழக்கமில்லாத பிள்ளைகளின் தாளைத் திருத்துபவர்களுக்குப் பெயரை மறைப்பது உதவலாம். இப்போதும் மடிக்கிறேன், ஆனால் அதை நம்பி இருப்பதில்லை.

உண்மையில் பலன் தந்தது, டிக் போடும் முறையை மாற்றியது. திருத்துவதற்கு முன்பே விடைக்குறிப்பைக் கூறு கூறாகப் பிரித்து எழுதிக்கொள்கிறேன், மேலே சொன்ன ஆவியாதல் கேள்விக்குப் பிரித்ததைப் போல. பாடநூல் சொற்களை மட்டும் எழுதாமல், பிள்ளைகள் எந்தச் சொல்லில் அதைச் சொல்லக்கூடும் என்பதையும் எழுதிக்கொள்கிறேன். 'தப்பித்துப் போகும்' என்றாலும் சரி, 'வெளியேறும்' என்றாலும் சரி. சில தாள்களைப் படித்த பிறகு குறிப்பில் சேர்க்க வேண்டியது ஏதாவது வரும். சேர்த்தால், முன்பு திருத்திய தாள்களுக்குத் திரும்பிப் போக வேண்டும். அப்புறம், டிக் அந்தக் கருத்து சொல்லப்பட்ட இடத்தின் மேலேயே விழ வேண்டும். பத்தியின் ஓரத்தில் டிக் கிடையாது. ஒரு டிக் அரை மதிப்பெண். கடைசியில் டிக்கை எண்ணிக் கூட்டுவதுதான் மதிப்பெண். மொத்தமாகப் பார்த்து 'இது நாலு பெறும்' என்று தோன்றுவதை எழுதுவதில்லை. அழகான பத்தியில் டிக் வைக்க இடம் தேடும்போதுதான் அங்கே எதுவும் சொல்லப்படவில்லை என்பது தெரிகிறது. அந்தப் பெண்ணின் விடையில் நான்கு காரணிகளின் பெயர் மேல் நான்கு டிக் போட்டதும் என் பேனாவுக்கு வேலை இல்லாமல் போனது.

அடுத்தது, ஒரு பிள்ளையின் தாளை முழுதாகத் திருத்தாமல், எல்லோருடைய முதல் கேள்வியையும் திருத்திவிட்டு இரண்டாம் கேள்விக்குப் போவது. முதல் கேள்விக்கு ஐந்துக்கு ஐந்து வாங்கிய பிள்ளையின் இரண்டாம் விடையை நாம் நம்பிக்கையோடு படிக்கிறோம் என்பதால் இதைச் செய்யச் சொல்வார்கள். கையெழுத்துக்கும் இது பொருந்தும். ஆனால் கட்டின் வரிசை மாறாமல் இருந்தால், மிக அழகான தாளுக்கு அடுத்து வரும் சுமாரான தாள் ஒவ்வொரு கேள்வியிலும் அடி வாங்கும். அதனால் கேள்வி மாறும்போதெல்லாம் கட்டை இரண்டு மூன்றாகப் பிரித்துக் கலைத்துவிடுகிறேன். ஆரம்பத்தில் இதற்கு நேரம் கூடுதலாக ஆனது. ஒரே விடைக்குறிப்பு மனதில் நிற்பதால் போகப் போகப் பழைய முறையைவிட வேகமாகவே முடிகிறது.

படிக்கச் சிரமமான விடையை இரண்டு முறை படிக்கிறேன். முதல் முறை அவிழ்க்க மட்டும். கையில் பென்சில், புரியாத சொல்லின் மேல் அது என்ன என்று சின்னதாக எழுதிக்கொள்வேன். சிவப்பு பேனா மேசையில் கிடக்கும். இரண்டாம் முறை, பென்சில் எழுத்தின் துணையோடு வாக்கியமாகப் படித்து டிக் போடுவேன். இப்படிப் படிக்க வேண்டிய தாள்கள் எந்த வகுப்பிலும் கொஞ்சம்தான் இருக்கும், எல்லாவற்றுக்கும் இது தேவையில்லை.

அப்படியும் படிக்க முடியாத சொற்கள் வரும். அவற்றைச் சுற்றிப் பென்சிலால் கட்டம் போட்டு, மறுநாள் அந்தப் பிள்ளையை அழைத்துப் படிக்கச் சொல்கிறேன். இதில் ஓர் ஆபத்து உண்டு. முழு விடையையும் படிக்கச் சொன்னால், எழுதாததையும் சேர்த்துப் படிப்பார்கள். ஏமாற்றும் எண்ணத்தில் இல்லை, நினைத்தது எழுதியதாகவே அவர்களுக்குத் தோன்றுகிறது. எனவே கட்டத்துக்குள் இருக்கும் சொல்லை மட்டும் காட்டி, மற்றவற்றை ஒரு தாளால் மூடிவிடுகிறேன். அவன் சொன்ன சொல்லுக்கும் தாளில் இருக்கும் எழுத்துகளுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று சேர்ந்து பார்க்கிறோம். சில சமயம் அவனாலேயே படிக்க முடியாது. அப்போது மதிப்பெண் இல்லை, அதை அவனும் ஒப்புக்கொள்கிறான். பொதுத்தேர்வில் யாரும் கூப்பிட்டுக் கேட்கப் போவதில்லை என்பதையும் அப்போதே சொல்லிவிடுகிறேன். என் வகுப்பில் மட்டும் படிக்கப்படும் எழுத்தோடு அவனை அனுப்பிவிடக் கூடாது.

ஆகவே, கையெழுத்தைப் பற்றிப் பேசுவதை நான் நிறுத்தவில்லை. எங்கே பேசுகிறேன் என்பது மாறிவிட்டது. 'தெளிவாக எழுது' என்பதை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையால் எதுவும் செய்ய முடியாது. இப்போது ஒரு முறைக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி விடு. புள்ளியைக் கடைசியில் வைக்கலாம் என்று விடாமல் அந்தச் சொல் முடிந்ததும் வை. தவறாக எழுதினால் ஒரே கோடு போட்டு அடி, கிறுக்கி மூடாதே. ஆவியாதல் எழுதிய பையனிடம் முதலில் இடைவெளியைத்தான் சொன்னேன். அது ஒன்றிலேயே அவன் தாளைப் படிப்பது பாதி சுலபமானது. சில பிள்ளைகளுக்கு இது எதுவும் உதவாது. பேச்சில் எல்லாம் சொல்வார்கள், எழுதினால் கை வலிக்கிறது என்பார்கள், ஒரே எழுத்தை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி எழுதுவார்கள். அது சோம்பல் இல்லை, எழுதுவதிலேயே இருக்கும் குறைபாடாக இருக்கலாம். அவர்களுடைய பெற்றோரிடம் பேசி, சிறப்புக் கல்வி ஆசிரியரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். மதிப்பெண்ணைக் குறைத்து அதைச் சரிசெய்ய முடியாது.

இந்த முறைகளால் ஒரு புதுச் சாய்வும் வந்தது. கிறுக்கல் தாளை அனுதாபத்தோடு படிக்கத் தொடங்கிவிட்டேன். 'மேலே போகும்' என்று மட்டும் எழுதியிருந்தால், நீராவியைத்தான் சொல்கிறான் என்று நானே நிரப்பினேன். அழகான தாளில் அதே வரிக்கு டிக் போடவில்லை. இதைக் கண்டுபிடித்தது மறுதிருத்தத்தில். ஒவ்வொரு தேர்விலும் சில தாள்களின் ஒரு விடையைத் திருத்தும் முன்பே நகல் எடுத்து வைத்துக்கொள்வேன், மதிப்பெண்ணைத் தனிச் சீட்டில் எழுதுவேன். சில வாரம் கழித்து நகலைத் திருத்தி இரண்டையும் ஒப்பிடுவேன். மதிப்பெண் அங்கே இங்கே அரை மாறுவது இயல்புதான், அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. மாற்றம் ஒரே பக்கமாக இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். கிறுக்கல் தாள்கள் எல்லாம் இரண்டாம் முறை இறங்கினால், முதல் முறை அனுதாபம் திருத்தியிருக்கிறது. எல்லாம் ஏறினால், பழைய பழக்கம் திரும்பிவிட்டது.

எல்லாவற்றையும் தட்டச்சு செய்யச் சொல்லிவிட்டால் பிரச்சினை தீராதா என்று கேட்பவர்கள் உண்டு. 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கையால் எழுதிய கட்டுரைகளைத் தட்டச்சு செய்து மதிப்பிட்டபோது மதிப்பெண் பொதுவாகக் குறைந்தது. தட்டச்சில் கட்டுரை சிறியதாகத் தெரிகிறது, பிழைகள் பளிச்சென்று நிற்கின்றன. ஒரு வகுப்பில் பாதிப் பேர் தட்டச்சிலும் பாதிப் பேர் கையாலும் எழுதித் தந்தால் இதையும் கவனிக்க வேண்டும்.

மதிப்பெண் மாறியதில் கிறுக்கலாக எழுதுபவர்கள் பயனடைந்தார்கள் என்று பார்ப்பவர்களுக்கு எளிதில் தெரிந்துவிடும். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது அந்தப் பெண்ணின் கதை. அடுத்த தேர்வில் அவள் மதிப்பெண் இறங்கியதும் தாளை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"மிஸ், நான் எல்லாமே எழுதியிருக்கேனே. ஒரு பாயிண்ட்கூட விடலையே."

அவள் சொன்னது சரி. தலைப்புகள் எல்லாம் இருந்தன. அவற்றுக்குக் கீழே விளக்கம் இல்லை என்பதை இத்தனை வருடங்களில் யாரும் அவளிடம் சொல்லவில்லை. எழுத்தின் அழகில் எல்லோரும் கடந்து போயிருக்கிறோம். ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு, "காற்று பாதிக்கிறது சரி, கூட்டுதா குறைக்குதா?" என்று கேட்டேன். "கூட்டும்" என்றாள். "ஏன்?" என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. விடை தெரியாததைவிட, இப்படி ஒரு கேள்வி தன்னிடம் கேட்கப்பட்டதுதான் அவளுக்குப் புதிதாக இருந்தது. அன்றிலிருந்து அவள் தாளில் ஒவ்வொரு காரணியின் பக்கத்திலும் பென்சிலால் 'கூடுமா? ஏன்?' என்று எழுதி அனுப்பினேன். சில வாரங்களில் அவளாகவே அதற்குப் பதில் எழுதத் தொடங்கினாள். படம் சின்னதாயிற்று, பத்தி நீண்டது.

படங்களில்தான் எனக்கு இன்னும் வேலை இருக்கிறது. அழகான படம் கண்ணை இழுப்பதுபோல எந்த விடையும் இழுப்பதில்லை. இப்போதைக்குப் படத்துக்கும் கூறு பிரித்து வைக்கிறேன்: பாகம் சரியான இடத்தில் இருக்கிறதா, பெயர்க்கோடு அந்தப் பாகத்தைத் தொடுகிறதா, அம்புக்குறி சரியான திசையில் போகிறதா. நிழலிட்டு வரைந்ததற்கு மதிப்பெண் இல்லை என்பதைத் தேர்வுக்கு முன்பே வகுப்பில் சொல்லிவிடுகிறேன்.